காலையில் வயிற்றைக் கிளப்புவது எலுமிச்சையா, வெந்நீரா?

விடிந்ததும் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் குடல் 'கழுவி விட்டது போல' ஆகிவிடும் என்று எங்கள் சேலத்துப் பக்கம் சொல்லாத ஆளில்லை. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதியைச் சிறுகுடலே உறிஞ்சிக்கொள்ளும். பெருங்குடலுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். கழுவ அங்கே ஏது தண்ணீர்?

ஆனால் பலருக்கு வேலை செய்கிறதே என்றால், அதற்குக் காரணம் வேறு. ராத்திரி முழுக்க அடங்கிக் கிடக்கும் பெருங்குடல், நாம் விழித்ததும் தானாகவே அசைய ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் வயிற்றுக்குள் எதாவது போய் இரைப்பை விரிந்தால், பெருங்குடல் இன்னும் வேகமாக அசையும். ஒரு டம்ளர் தண்ணீர் லேசாகத் தூண்டும். சாப்பாடு அதைவிட நன்றாகத் தூண்டும்.

செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகும் என் மாமாவின் கதையைக் கேளுங்கள். ஐந்து மணிக்கே ஒரு சொம்பு எலுமிச்சைத் தண்ணீர் குடிப்பார். ஒன்றும் வராது. வெறும் வயிற்றோடு கிளம்பிப் போய், பத்து மணிக்கு அங்கேதான் இட்லி சாப்பிடுவார். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் வயிறு கூப்பிடும். அத்தனை பேருக்கும் ஒரே கழிவறை, கையில் பாதி வேலை. அடக்கிக்கொள்வார். அடக்க அடக்க மலத்தில் இருக்கும் ஈரத்தைக் குடல் உறிஞ்சிவிடும். அப்புறம் மறுநாள் முக்கல்தான்.

"மாமா, சொம்பை விடுங்க, இட்லியை வீட்டிலேயே சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். இப்போது எழுந்ததும் ஒரு டம்ளர் வெந்நீர், ஏழு மணிக்குள் டிபன், கூடவே ஏற்காட்டுக் காபி. அப்புறம் அவசரமில்லாமல் போய் உட்காருகிறார். வீட்டில் வெஸ்டர்ன் டாய்லெட் என்பதால் காலுக்கடியில் ஒரு முக்காலி; முட்டி இடுப்புக்கு மேலே வந்தால் வழி நேராகும். தினம் இல்லாவிட்டாலும் முக்காமல் போகிறது என்கிறார்.

காபியைச் சும்மா சொல்லவில்லை. வெந்நீரைவிடக் காபி பெருங்குடலை அதிகம் அசைக்கும் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். காஃபின் நீக்கிய காபிக்கும் ஓரளவு அந்தக் குணம் உண்டு. எல்லோருக்கும் அல்ல, சிலருக்குத்தான்.

எலுமிச்சை மலத்தை இளக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் நான் பார்த்ததில்லை. ருசிக்குக் குடிக்கலாம். தினமும் உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தால் அந்தப் புளிப்பு பல் எனாமலை அரிக்கும். குடித்த உடனே பல் தேய்த்தால் இன்னும் மோசம். வாயைக் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் பொறுங்கள். நெஞ்செரிச்சல்காரர்களுக்கு வேண்டவே வேண்டாம். சாப்பாட்டில் கீரையும் பயறும் இல்லாமல், பகலில் தண்ணீரும் குடிக்காமல், காலையில் மட்டும் சொம்பு சொம்பாக ஊற்றிப் பயனில்லை. சிறுநீரகக் கோளாறுக்குத் தண்ணீர் அளவு சொல்லியிருந்தால் அதை மீறாதீர்கள்.

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ஐம்பதை ஒட்டிய வயதில் திடீரென்று மலம் கழிக்கும் பழக்கம் மாறுவது, இதெல்லாம் இருந்தால் வெந்நீரோடு காத்திருக்காமல் டாக்டரிடம் போங்கள்.