எல்டிஎல் 96 என்று பார்த்துவிட்டு அறிக்கையை மடித்து வைக்காதீர்கள்

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் அத்தான் தன் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார். வயது 46, ஆறு வருடமாகச் சர்க்கரை. "எல்டிஎல் நூறுக்குள்ளதானே இருக்கு, அப்புறம் என்ன?" என்றார்.

மொத்தக் கொலஸ்ட்ரால் 190, நல்ல கொலஸ்ட்ரால் என்கிற எச்டிஎல் 32, ரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான ட்ரைகிளிசரைடு 310, கெட்ட கொலஸ்ட்ரால் என்கிற எல்டிஎல் 96. இந்த 96 நேரடியாக அளந்த எண் இல்லை. மொத்தத்திலிருந்து எச்டிஎல்லையும், ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து வருவது. ஃப்ரீட்வால்டு 1972-இல் சொன்ன கணக்கு. பல இடங்களில் இன்றும் இதுதான். 190-இல் 32 போக 158, அதில் 62 போக 96. ட்ரைகிளிசரைடு ஏற ஏறக் கழிக்கிற தொகையும் பெருகி, எல்டிஎல் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

நடுவில் வந்த அந்த 158-தான் நான்-எச்டிஎல். ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ராலும் அதற்குள் அடக்கம். கழித்துவிட்ட 62-ம் நல்ல சரக்கு இல்லை, அதுவும் படியக்கூடியதுதான். எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டினால் நான்-எச்டிஎல் இலக்கு. சர்க்கரை உள்ளவருக்கு எல்டிஎல் நூறு என்பதே தாராளம். அதை வைத்துப் பார்த்தாலும் 130-க்குள் இருக்க வேண்டியது, 158 இருக்கிறது. இதற்குத் தனிச் செலவு கிடையாது, வெறும் வயிறும் தேவையில்லை. ஆனாலும் எத்தனையோ அறிக்கைகளில் இந்த வரியே இருப்பதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம்.

அப்போபி என்று தனியாக ஒரு ரத்தப் பரிசோதனையும் இருக்கிறது. சரி, அது எதற்கு? நூறு கிலோ அரிசியை 25 கிலோ மூட்டையாகக் கட்டினால் நான்கு, 5 கிலோ பையாகக் கட்டினால் இருபது. எடை ஒன்றுதான், எண்ணிக்கை வேறு. எல்டிஎல் அளவு எடையைச் சொல்கிறது. சுவருக்குள் நுழைந்து சிக்கிக்கொள்வதோ பை. சர்க்கரையும் ட்ரைகிளிசரைடும் கூடியவர்களுக்கு எல்டிஎல் துகள்கள் சின்னதாகிவிடும். அதே கொலஸ்ட்ராலைச் சுமக்க அதிகத் துகள்கள் வேண்டும். ஒவ்வொரு துகளிலும் அப்போபி என்று சுருக்கமாகச் சொல்கிற அப்போலிப்போபுரோட்டீன் பி மூலக்கூறு ஒன்றே ஒன்று இருப்பதால், அதை அளந்தால் பைகளையே எண்ணிய மாதிரி. எல்டிஎல்லும் அப்போபியும் வேறு வேறு கதை சொல்லும்போது, மாரடைப்பு ஆபத்து அப்போபி பக்கம்தான் நிற்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நான்-எச்டிஎல் அதற்குக் கிட்டே வரும், ஆனால் அதுவும் எடைதான்.

அத்தானுக்கு அப்போபி 118 வந்தது. 2019 ஐரோப்பிய வழிகாட்டுதல்படி அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 80-க்குள் இருக்க வேண்டும்.

எல்லோரும் ஓடிப்போய் அப்போபி எடுக்கச் சொல்லவில்லை. என் தோழிக்கும் எல்டிஎல் 96-தான். ஆனால் எச்டிஎல் 50, ட்ரைகிளிசரைடு 90, சர்க்கரை இல்லை. நான்-எச்டிஎல் 114. இப்படிப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் எல்லா எண்ணும் ஒரே கதையைத்தான் சொல்லும். அப்போபிக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. ட்ரைகிளிசரைடு 150-க்கு மேல், சர்க்கரை, தொப்பை இருப்பவர்கள்தான் டாக்டரிடம் கேட்க வேண்டும்.

அத்தானின் டாக்டர், கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையின் அளவைக் கூட்டியிருக்கிறார். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கிறோம். இந்த முறை அறிக்கையில் 158 இருந்த இடத்தைத்தான் முதலில் பார்ப்பேன்.