பட்டியலில் இல்லாத புத்தகங்கள்

2025 செப்டம்பரில் ஆந்த்ரோபிக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் தன் மீதான பதிப்புரிமை வழக்கைச் சமரசமாக முடிக்க எழுத்தாளர்களுக்கு 150 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது என்ற செய்தி வந்தபோது, எங்கள் மொழிபெயர்ப்பாளர் வாட்ஸப் குழுவில் அன்று முழுவதும் அதே பேச்சாக இருந்தது. ஒரு புத்தகத்துக்கு ஏறத்தாழ 3,000 டாலர் என்று ஒருவர் எழுதினார். அடுத்த நிமிடமே இன்னொருவர் அதை ரூபாயில் பெருக்கி, இரண்டரை லட்சத்துக்கு மேல் வருகிறது என்று போட்டார். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்து நான் ஆயுளில் மொத்தமாகப் பெற்ற ராயல்டி அந்தத் தொகையில் பாதிகூட வராது என்பதால், நானும் ஆசையோடுதான் அந்த வழக்கைப் படிக்கத் தொடங்கினேன். படித்து முடித்தபோது புரிந்தது இதுதான்: அந்தப் பணம் எழுத்தைப் பயன்படுத்தியதற்காகத் தரப்பட்டதல்ல, எழுதிய எல்லோருக்கும் உரியதுமல்ல.

வழக்கைத் தொடுத்தவர்கள் ஆண்ட்ரியா பார்ட்ஸ், சார்லஸ் கிரேபர், கிர்க் வாலஸ் ஜான்சன் என்ற மூன்று அமெரிக்க எழுத்தாளர்கள். நிறுவனம், கேட்டதற்குப் பதில் எழுதித்தரும் மென்பொருளான தன் மொழி மாதிரிகளைப் பயிற்றுவிக்கப் புத்தகங்களை இரண்டு வழிகளில் சேர்த்திருந்தது. லிப்ஜென் போன்ற திருட்டு நூலகங்களிலிருந்து 70 லட்சத்துக்கும் மேற்பட்ட கோப்புகளைத் தரவிறக்கி வைத்துக்கொண்டது முதல் வழி. பிற்பாடு, பெரும் செலவில் அச்சுப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக வாங்கி, முதுகுக் கட்டை வெட்டி எடுத்து, தாள்களை அளவாக நறுக்கி, ஸ்கேன் செய்துவிட்டு, மூலப் பிரதிகளைக் கழித்துக் கட்டியது இரண்டாவது வழி. 2025 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ நீதிமன்றத்தில் நீதிபதி வில்லியம் ஆல்சப் அளித்த தீர்ப்பு இவ்விரண்டையும் தனித்தனியே எடைபோட்டது. புத்தகங்களைக் கொண்டு மாதிரியைப் பயிற்றுவித்தது நியாயப் பயன்பாடு, அதாவது உரிமையாளரின் அனுமதி இல்லாமலே சட்டம் ஏற்கும் பயன்பாடு என்றார்; காசு கொடுத்து வாங்கிய பிரதியை ஸ்கேன் செய்ததும் அப்படியே என்றார்; திருட்டுக் கோப்புகளைக் கொண்டு ஒரு நிரந்தர நூலகத்தைக் கட்டி வைத்தது மட்டும் நியாயப் பயன்பாடு ஆகாது என்றார்.

இதன் பொருளைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பழைய புத்தகக் கடையில் ஒரு நாவலின் ஒரேயொரு பிரதியை வாங்கி, வெட்டி, ஸ்கேன் செய்து பயிற்சிக்குக் கொடுத்திருந்தால், இந்தத் தீர்ப்பின்படி அந்த எழுத்தாளருக்கு ஒரு சல்லிக்காசும் வராது. பழைய பிரதி விற்பனையில் அவருக்கு ராயல்டி கிடையாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆக, தண்டனை புத்தகம் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தது என்பதற்கு மட்டும்தான். உள்ளே வந்தபின் அதைக் கொண்டு என்ன செய்தார்கள் என்ற கேள்வியில் எழுத்தாளர்கள் அந்த நீதிமன்றத்தில் தோற்றுவிட்டார்கள்.

எஞ்சி நின்ற திருட்டுக் கோப்புக் குற்றச்சாட்டைத்தான் நிறுவனம் செப்டம்பரில் சமரசம் செய்துகொண்டது. சரி, அந்த 3,000 டாலர் யாருக்கு? தரவிறக்கப்பட்ட கோப்புகள் 70 லட்சத்துக்கும் மேல்; சமரசப் பட்டியலில் இடம்பெற்ற புத்தகங்கள் ஏறத்தாழ 4,82,000. ஒரே புத்தகத்தின் பல பிரதிகள் இருந்தது இந்த இடைவெளிக்கு ஒரு காரணம். இன்னொரு காரணம் பட்டியலுக்கான நிபந்தனைகள். புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் அல்லது அமேசானின் அடையாள எண் இருக்க வேண்டும். வெளியான ஐந்தாண்டுக்குள் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அந்தப் பதிவும் நிறுவனம் கோப்பைத் தரவிறக்குவதற்கு முன்போ, நூல் வெளியான மூன்று மாதத்துக்குள்ளோ நடந்திருக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகள் யாரோ வேண்டுமென்று வைத்தவை அல்ல. அமெரிக்கச் சட்டத்தில், உரிய காலத்தில் பதிவு செய்யப்பட்ட படைப்புக்கு மட்டுமே சட்டம் நிர்ணயித்த இழப்பீடு உண்டு: ஒரு படைப்புக்குக் குறைந்தது 750 டாலர், வேண்டுமென்றே மீறியிருந்தால் 1,50,000 டாலர் வரை. நிறுவனத்தைச் சமரசத்துக்குத் தள்ளியது அந்த எண்ணை லட்சக்கணக்கான புத்தகங்களால் பெருக்கினால் வரும் தொகை. பதிவில்லாத எழுத்தாளர் தனக்கு இவ்வளவு நட்டம் என்று ரூபாய் பைசா கணக்கோடு நிரூபிக்க வேண்டும். அது யாராலும் ஆகாத காரியம். வெளிநாட்டுப் படைப்புகளுக்காக வழக்குத் தொடுக்கப் பதிவு தேவையில்லை என்று அந்தச் சட்டம் பெருந்தன்மையாகச் சொல்கிறது. ஆனால் சட்டம் நிர்ணயித்த இழப்பீட்டுக்கு அவற்றுக்கும் பதிவு வேண்டும். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே இருக்கும் பெட்டியைப் பூட்டி வைத்த கதைதான்.

பதிப்புரிமைக்குப் பதிவு போன்ற எந்தச் சடங்கும் தேவையில்லை என்பது பெர்ன் என்ற சர்வதேச உடன்படிக்கையின் அடிப்படை. இந்தியா 1928 முதல் அதில் இருக்கிறது. ஆகவே நம் ஊரில் எழுத்தாளரும் பதிப்பாளரும் பதிவைப் பற்றி யோசிப்பதே இல்லை. உரிமைப் பக்கத்தில் ஒரு வரி அச்சிட்டால் போதும் என்று இருந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் இருந்தேன். ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தேன். வட இந்தியப் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. அது ஒரு திருட்டு நூலகத்தின் அடுக்கில் கிடக்கிறது என்பதை, அந்த அடுக்குகளைத் தேடித்தரும் ஒரு பக்கத்தில் தட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். மூல ஆசிரியரின் பெயர் இருந்தது, எழுத்துப் பிழையோடு. என் பெயர் இல்லை. அதைப் பார்த்ததும் வந்த கோபத்தில், யாரோ என் புத்தகத்தை ஆசையாக ஸ்கேன் செய்து ஏற்றியிருக்கிறார்களே என்ற சின்னப் பெருமையும் கலந்திருந்ததை மறைக்க மாட்டேன். (அந்த நூலகங்களை நிரப்பியவர்கள் நம்மைப் போன்ற வாசகர்கள்தான். டெலிகிராம் குழுவில் பிடிஎஃப் கேட்காதவர் நம்மில் எத்தனை பேர்? நானும் கேட்டிருக்கிறேன்.) பிறகு சமரசப் பட்டியலில் தலைப்பைப் போட்டேன், மூல ஆசிரியர் பெயரைப் போட்டேன், கடைசியாக ஐஎஸ்பிஎன்னையே போட்டேன். ஒன்றும் வரவில்லை. பதிப்பகத்தைக் கேட்டால், அமெரிக்காவில் பதிவு செய்யும் வழக்கமே தங்களுக்கு இல்லை என்றார்கள்.

நீதிபதி ஆல்சப்பின் வாதத்துக்குத் திரும்புகிறேன். பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றாக எழுதக் கற்றுக்கொடுத்தால் போட்டிப் படைப்புகள் பெருகிவிடும் என்று முறையிடுவதைப் போன்றதே எழுத்தாளர்களின் முறையீடு என்று அவர் எழுதினார். இந்த ஒப்புமையோடு எனக்கு உடன்பாடில்லை. என் மொழிபெயர்ப்பைப் படித்து வளர்ந்த ஒரு மாணவி இன்னொரு தொகுப்பை மொழிபெயர்க்க இரண்டு ஆண்டுகள் ஆகும். அவளும் என்னைப் போலவே மின்கட்டணம் கட்ட வேண்டியவள். ஒரு மென்பொருள் அதே வேலையின் சுமாரான வடிவத்தை மாலைக்குள் நூறு பேருக்குச் செய்து கொடுக்கும். அளவு மாறும்போது செயலின் தன்மையே மாறிவிடுகிறது. இதைச் சொல்வது நான் மட்டுமல்ல. ஓரிரு நாள் கழித்து, அதே சான் பிரான்சிஸ்கோவில், மெட்டா நிறுவனத்தின் மீதான இதே போன்ற வழக்கில் நீதிபதி வின்ஸ் சாப்ரியா அந்தப் பள்ளி ஒப்புமையைப் பெயர் சொல்லியே மறுத்தார். இயந்திரம் கொட்டும் எழுத்து சந்தையை மூழ்கடிப்பதுதான் உண்மையான கேடு, பல சூழல்களில் அனுமதியில்லாத பயிற்சி சட்டவிரோதமாகவே இருக்கும் என்றார். ஆனால் அந்த வழக்கின் எழுத்தாளர்கள் இதற்கான ஆதாரத்தைத் தரவில்லை என்பதால், தீர்ப்பு மெட்டாவுக்கே சாதகமாகப் போயிற்று.

அனுமதி கேட்பது நடைமுறையில் ஆகாத காரியம் என்று நிறுவனங்கள் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. 2024 நவம்பரில் ஹார்ப்பர்காலின்ஸ் பதிப்பகம் தன் பழைய கட்டுரை நூல்கள் சிலவற்றை ஒரு தொழில்நுட்ப நிறுவனத்தின் பயிற்சிக்குத் தர ஒப்பந்தம் போட்டது. மூன்று ஆண்டு உரிமத்துக்கு ஒரு நூலுக்கு 5,000 டாலர், அதில் எழுத்தாளருக்குப் பாதி, விருப்பமில்லாதவர் மறுக்கலாம். தொகை போதுமா என்பது வேறு பேச்சு. எழுத்தாளரிடம் கேட்டார்கள், அவரால் முடியாது என்று சொல்லவும் முடிந்தது. நியாயம் என்று நான் கருதுவதன் பெரும்பகுதி அந்த இரண்டில் இருக்கிறது.

இந்தியாவில் பேச்சு வேறு திசையில் போகிறது. மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை அமைத்த குழு, 2025 டிசம்பரில் ஒரு பணித்தாளை வெளியிட்டது. சட்டப்படி அணுகக் கிடைக்கும் எந்தப் படைப்பையும் நிறுவனங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம். படைப்பாளி மறுக்க முடியாது. பதிலுக்கு நிறுவனங்கள் வருவாயிலிருந்து ராயல்டி செலுத்த வேண்டும், அதை ஒரு மைய அமைப்பு வசூலித்துப் பங்கிடும் என்பது அதன் சாரம். தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காம் இதற்கு மறுப்பு தெரிவித்திருக்கிறது. நான் தயக்கத்தோடு இதை ஆதரிக்கும் பக்கம் நிற்கிறேன். மறுக்கும் உரிமை போவது வலிக்கிறது; ஆனால் ஒரு தனி எழுத்தாளர் டெல்லி உயர்நீதிமன்றத்தில் ஒரு பன்னாட்டு நிறுவனத்தோடு மல்லுக்கட்டி மறுப்பை நிலைநாட்டுவார் என்பது ஏட்டுச் சுரைக்காய். அதைவிடச் சட்டமே வாங்கித்தரும் சிறு தொகை மேல்.

தயக்கம் பங்கீட்டில்தான். பயிற்சி முடிந்த மாதிரிக்குள் எந்தப் பதிலுக்கு எந்தப் புத்தகம் எவ்வளவு பங்களித்தது என்ற கணக்கு கிடையாது. எல்லா நூல்களும் சேர்ந்து கோடிக்கணக்கான எண்களைச் சிறிது சிறிதாக நகர்த்தியிருக்கும். கூட்டாஞ்சோற்றிலிருந்து ஒரு வீட்டு அரிசியை மட்டும் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே பங்கீடு ஏதாவதொரு பதிவேட்டைப் பார்த்துத்தான் நடந்தாக வேண்டும். இந்தப் பணித்தாளும், ராயல்டி பெறப் படைப்புகளை ஒரு தரவுத்தளத்தில் பதிந்துகொள்ள வேண்டும் என்கிறது. பதிவு என்றதும் எனக்கு அந்த 4,82,000 நினைவுக்கு வருகிறது. சிற்றிதழில் ஐந்து கதைகள் எழுதிவிட்டு ஊரோடு இருந்துவிட்டவரும், ஐஎஸ்பிஎன் இல்லாமல் முந்நூறு பிரதி அச்சிட்ட கவிஞரும் அந்தத் தரவுத்தளத்தில் யார் கையால் ஏறுவார்கள்? பெரிய பதிப்பகங்கள் தங்கள் பட்டியலை ஒரே நாளில் ஏற்றிவிடும். நம் எழுத்தாளர்களில் பலரிடம் பதிப்பாளரோடு போட்ட ஒப்பந்தத்தின் நகல்கூட இருக்காது. உரிமை யாரிடம் இருக்கிறது என்பதே அங்கு முதல் தகராறாக வரும். மொழிபெயர்ப்பாளர் நிலை இன்னும் மோசம்: ஒரு தொகையை வாங்கிக்கொண்டு முழு உரிமையையும் எழுதிக் கொடுத்தவர்கள் எங்களில் அதிகம்.

சென்ற மாதம் அடுத்த மொழிபெயர்ப்புக்கான ஒப்பந்தம் வந்தது. இரண்டு வரிகள் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன்: இயந்திரப் பயிற்சிக்கு உரிமம் தருவதானால் என் எழுத்து மூலமான ஒப்புதல் வேண்டும், நூல் வெளியான மூன்று மாதத்துக்குள் அமெரிக்காவில் பதிவு செய்ய வேண்டும். முதல் வரியை மறுபேச்சின்றிச் சேர்த்தார்கள். இரண்டாவதற்கு ஆசிரியர் குழுவிலிருந்து தொலைபேசி வந்தது. அறுபத்தைந்து டாலர் கட்டணத்தை யார் கட்டுவது என்று கேட்டார்கள். முன்பணத்தில் கழித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.