விற்கப் போனால்தான் தெரியும் விலை

பங்கு வாங்கிய அடுத்த நிமிடமே ஆப் பச்சை நிறத்தில் லாபம் காட்டும். அதைப் பார்த்துவிட்டு அதே பங்கை இன்னும் கொஞ்சம் வாங்குபவர்கள் உண்டு. அந்த லாபம் எந்த விலையை வைத்துக் கணக்கிடப்பட்டது என்பதைப் புதிதாக வருபவர்களுக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. எனக்கு இது பெரிய குறையாகவே படுகிறது.

ஒரு பங்குக்கு ஒரே நேரத்தில் மூன்று விலைகள் இருக்கின்றன. வாங்கக் காத்திருப்பவர்கள் தரத் தயாராக இருக்கும் அதிகபட்ச விலை பிட். விற்கக் காத்திருப்பவர்கள் கேட்கும் குறைந்தபட்ச விலை ஆஸ்க். மூன்றாவது, கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலை. உடனே வாங்க வேண்டும் என்றால் ஆஸ்க் விலையைக் கொடுத்தாக வேண்டும். உடனே விற்க வேண்டும் என்றால் பிட் விலைதான் கிடைக்கும். இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஸ்ப்ரெட். பெரும்பாலான ஆப்கள் லாப நஷ்டம் போடுவது மூன்றாவது விலையை வைத்து. அது ஏற்கெனவே நடந்து முடிந்த ஒன்று. அந்த விலைக்கு வாங்க இப்போது ஆள் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி.

அதிகம் கைமாறாத ஒரு பங்கின் ஆர்டர் புக்கை, அதாவது காத்திருக்கும் ஆர்டர்களின் பட்டியலை, எடுத்துக்கொள்வோம். விற்பவர்கள் பக்கம் 102 விலையில் 200 பங்கு, 102.50 விலையில் 300 பங்கு. வாங்குபவர்கள் பக்கம் 98 விலையில் 100 பங்கு, 97 விலையில் 200 பங்கு, 95 விலையில் 300 பங்கு. ஸ்ப்ரெட் 4, ஏறக்குறைய 4 சதவீதம்.

ஒருவர், கிடைக்கும் விலையில் உடனே வாங்கும் மார்க்கெட் ஆர்டர் போட்டு 500 பங்கு வாங்குகிறார். முதல் 200 பங்கு 102க்கும், மீதி 300 பங்கு 102.50க்கும் கிடைக்கின்றன. மொத்தச் செலவு 51,150. சராசரி 102.30. கடைசி வர்த்தகம் நடந்தது 102.50ல் என்பதால் ஆப் அவருக்கு 100 லாபம் காட்டுகிறது. அந்த 102.50ஐ உருவாக்கியதே அவருடைய சொந்த ஆர்டர்தான். அவரே விலையை ஏற்றிவிட்டார், அந்த ஏற்றமே அவருக்கு லாபமாகத் தெரிகிறது.

இப்போது அவர் மனம் மாறி உடனே விற்கிறார் என்று வையுங்கள். 100 பங்கு 98க்கும், 200 பங்கு 97க்கும், கடைசி 200 பங்கு 95க்கும் போகின்றன. கைக்கு வருவது 48,200. கமிஷன், வரி எதையும் சேர்க்காமலே 2,950 நஷ்டம். போட்ட பணத்தில் கிட்டத்தட்ட 5.8 சதவீதம். எந்தக் கெட்ட செய்தியும் வரவில்லை, நிறுவனத்திலும் ஒன்றும் மாறவில்லை. திரையில் தெரிந்த ஸ்ப்ரெட் 4 சதவீதம்தான் என்றாலும், 500 பங்குக்கு ஏற்ற ஆழம் புக்கில் இல்லாததால் செலவு அதையும் தாண்டிவிட்டது. லிக்விடிட்டி என்பது இதுதான்: நமக்கு வேண்டிய எண்ணிக்கையை, விலையை அதிகம் அசைக்காமல், உடனே வாங்கவோ விற்கவோ முடிவது. 100 பங்கு விற்பவருக்கும் 5,000 பங்கு விற்பவருக்கும் ஒரே பங்கின் லிக்விடிட்டி ஒன்றல்ல.

இந்த இடைவெளி இடையில் நிற்பவர்களின் பேராசை என்று பலரும் எழுதுகிறார்கள். நான் இதை ஏற்கவில்லை. இரண்டு பக்கமும் விலை சொல்லிக் காத்திருக்கும் மார்க்கெட் மேக்கரின் இடத்திலிருந்து பாருங்கள். வாங்கிய பங்கை அடுத்தவர் வரும்வரை கையில் வைத்திருக்கும் ஆபத்து அவருக்கு உண்டு. அதைவிடப் பெரிய பயம், எதிரில் இருப்பவருக்குத் தன்னைவிட அதிகம் தெரிந்திருக்குமோ என்பது. லாரன்ஸ் க்ளாஸ்டன், பால் மில்க்ரோம் இருவரும் 1985ல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் மையக் கருத்தே இதுதான்.

பங்கின் மதிப்பு 100 என்று மார்க்கெட் மேக்கர் நினைக்கிறார். வரும் 10 பேரில் 9 பேருக்கு விசேஷமாக ஒன்றும் தெரியாது. ஒருவருக்கு மட்டும் மதிப்பு 100.60 என்று தெரியும். 99.95க்கு வாங்குகிறேன், 100.05க்கு விற்கிறேன் என்று நின்றால், அந்த 9 பேரிடம் பங்குக்கு 0.05 வீதம் 0.45 கிடைக்கும். விஷயம் தெரிந்தவரிடம் 0.55 போய்விடும். கடைசியில் நஷ்டம். ஆக, 99.94, 100.06 என்று இரண்டு பக்கமும் விலகி நின்றால்தான் வரவும் செலவும் சரியாகும். விஷயம் தெரிந்தவர்கள் 10ல் 3 பேர் என்றாகிவிட்டால், 99.82, 100.18 வரை விலக வேண்டும். விஷயம் தெரிந்தவர்களால் வரும் நஷ்டத்தை ஈடுகட்டுவது தெரியாதவர்கள் கொடுக்கும் ஸ்ப்ரெட்தான். காலாண்டு முடிவு வரும் நேரத்தில் ஸ்ப்ரெட் விரிவதற்கும், அதிகம் பேர் கவனிக்காத சிறு நிறுவனங்களில் எப்போதும் அகலமாக இருப்பதற்கும் பெரிய காரணம் இந்தப் பயமே.

விலை சொல்ல நிற்பவர்கள் விலகிப்போனால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கச் சந்தை 2010 மே 6 அன்று பார்த்தது. சில நிமிடங்களில் வாங்குபவர்களின் வரிசை கரைந்துவிட, வந்து விழுந்த மார்க்கெட் ஆர்டர்கள் புக்கில் கடைசியாக மிஞ்சியிருந்த பிட் வரை இறங்கின. வர்த்தகம் நடக்கும் என்ற எண்ணமே இல்லாமல் பெயரளவுக்குப் போட்டு வைத்திருந்த விலைகள் அவை. அக்சென்ச்சர் பங்குகள் சில ஒரு சென்ட்டுக்குக் கைமாறின. மிக மோசமாக விலகிய வர்த்தகங்களை எக்ஸ்சேஞ்சுகள் பிறகு ரத்து செய்தன. ரத்து வரம்புக்குள் வராத மோசமான விலையில் விற்றவர்களுக்கு அந்த விலைதான் நின்றது. விலை குறித்த அளவுக்கு இறங்கியதும் மார்க்கெட் ஆர்டராக மாறும் ஸ்டாப் லாஸ் வைத்துவிட்டு, குறித்த விலையில் வெளியே வந்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் இந்த நாளைப் பற்றிப் படிக்க வேண்டும்.

என் கோரிக்கை எளிது. கையிருப்பின் மதிப்பை, அந்த எண்ணிக்கையை இப்போது விற்றால் புக்கில் என்ன கிடைக்குமோ அந்தத் தொகையாகவும் ஆப்கள் பக்கத்தில் காட்ட வேண்டும். தேவையான தகவல் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. நிறுவனங்களுக்கான சர்வதேசக் கணக்கியல் நெறியான ஐ.எஃப்.ஆர்.எஸ். 13கூட, கையிலுள்ள சொத்தை பிட் விலையில் மதிப்பிட அனுமதிக்கிறது. சாதாரண முதலீட்டாளருக்கு மட்டும் அந்த எண் ஏன் கண்ணில் படக் கூடாது?

அதுவரை, வாங்கும் முன் ஆப்பில் ஆர்டர் புக்கைக் காட்டும் மார்க்கெட் டெப்த்தைத் திறந்து, ஆஸ்க் பக்கத்தை விட்டுவிட்டு பிட் பக்கத்தைப் பாருங்கள். நீங்கள் வாங்க நினைக்கும் எண்ணிக்கையை அங்கே மேலிருந்து கழித்துக்கொண்டே வந்தால் எந்த விலையில் போய் நிற்கிறது என்று தெரியும். ஒரு முறை பார்த்தால் போதாது. சந்தை திறந்த உடனே ஒரு மாதிரியும் நடுப்பகலில் வேறு மாதிரியும் இருக்கும். நேற்று லட்சக்கணக்கில் கைமாறியது என்ற வால்யூம் கணக்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம். ஒரு பரபரப்பான நாளின் வால்யூம், அமைதியான நாளில் உங்களுக்காகக் காத்திருக்கும் பிட் ஆகாது. திரையில் தெரியும் ஆர்டர்களையும் போட்டவர் எந்த நொடியிலும் எடுத்துவிடலாம்.

இந்த விலைக்கு மேல் வாங்க மாட்டேன், இதற்குக் கீழே விற்க மாட்டேன் என்று வரம்பு வைக்கும் லிமிட் ஆர்டர் போட்டால் ஸ்ப்ரெட்டை மிச்சப்படுத்தலாம் என்பது உண்மைதான். ஆனால் அப்போது விலை சொல்லிக் காத்திருப்பவர் நீங்கள், மார்க்கெட் மேக்கருக்கு இருக்கும் அதே ஆபத்து உங்களுக்கும் வந்துவிடுகிறது. 98க்கு வாங்குவதாக ஆர்டர் போட்டுவிட்டு மறந்திருக்கும்போது நல்ல செய்தி வந்தால், விலை உங்களை விட்டுவிட்டு மேலே போய்விடும். கெட்ட செய்தி வந்தால்தான் உங்கள் 98ஐத் தேடி வந்து விற்பார்கள். அதனால் லிமிட் ஆர்டர் போட்டால் முக்கியமான அறிவிப்பு வரும் நேரத்தில் அதைப் புக்கில் விட்டு வைக்காமல் எடுத்துவிடுங்கள்.