அந்த 30 சதவீதம் எங்கிருந்து வந்தது?

யாராவது விளக்குங்கள், எனக்குப் புரியவில்லை. கணக்குப் பிரிவில் இரண்டு வருஷம் வேலை பார்த்த பிள்ளைகள் எல்லாரும் எப்படி ரெஸ்யூமில் ஒரே மாதிரி "செயல்திறனை 30 சதவீதம் உயர்த்தினேன்" என்று எழுதுகிறார்கள்? ஒருத்தருக்காவது 27 வரக் கூடாதா? எந்தச் செயலின் திறன், எதை வைத்து அளந்தாய், அதற்கு முன்னால் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் முகத்தைப் பார்க்கிறார்கள். பாவம், அவர்களைத் திட்டி என்ன பயன். "ஒவ்வொரு பாயிண்டிலும் ஒரு சதவீதம் இருக்கணும்" என்று பயிற்சி மையத்தில் காசு வாங்கிக்கொண்டு சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். சதவீதம் போட வேண்டுமென்றால் முன்பு ஓர் அளவு, பிறகு ஓர் அளவு, இரண்டும் கையில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அது கணக்கில்லை, கதை. கணக்கு வேலைக்கு ஆள் எடுப்பவரிடம் போய் இந்தக் கதையைச் சொல்கிறோம் என்ற யோசனைகூடவா வராது?

போன வாரம் தெரிந்த பையன் ஒருவனின் ரெஸ்யூம் வந்தது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட். ஆங்கிலத்தில் இருந்த முதல் பாயிண்டைத் தமிழில் சொல்கிறேன்: "கொள்முதல், விற்பனை, ஜிஎஸ்டி, வங்கி உள்ளிட்ட அன்றாடக் கணக்கு சம்பந்தப்பட்ட பல்வேறு பணிகளைக் கையாளும் பொறுப்பு வகித்ததோடு, நிர்வாகம் சீராக நடைபெற எல்லா வகையிலும் குழுவுக்கு ஒத்துழைப்பு நல்கினேன்." நான்கு வரி. படித்து முடித்த பிறகும் இவன் காலையில் சீட்டில் உட்கார்ந்து என்ன செய்கிறான் என்று தெரியவில்லை. "பொறுப்பு" என்பது வேலைக்கு எடுத்தபோது கம்பெனி கொடுத்த தாளில் இருந்தது. அதைத் திருப்பி எழுதினால், நீ அந்த வேலையைச் செய்தாயா, செய்யாமல் ஒப்பேற்றினாயா என்று எப்படித் தெரியும்?

இரண்டாவது பாயிண்ட் அதற்கு நேர் எதிர். அங்கே பயிற்சி மையத்தின் கைவண்ணம். "ஜிஎஸ்டி இணக்கத்தைத் தலைமையேற்று நடத்தி, நிறுவனத்துக்கு 12 லட்சம் ரூபாய் வரி மிச்சப்படுத்தினேன்." தலைமையேற்றா? அந்த ஆபீஸில் ரிட்டர்ன் தாக்கல் செய்வது ஆடிட்டர் ஆபீஸ். இவன் ஆடிட்டரையே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறான்.

சரி என்று போன் போட்டு, ரெஸ்யூமை ஓரமாக வைத்துவிட்டு, "ஒரு மாசம் முழுக்க என்ன செய்வே, அதை மட்டும் சொல்லு" என்றேன். சொன்னான் பாருங்கள், கேட்கக் கேட்க எனக்குக் கோபம் கூடத்தான் செய்தது, ஏனென்றால் உருப்படியான வேலை இவ்வளவு செய்கிறான், அதில் ஒன்றுகூடத் தாளில் இல்லை.

நூல், டையிங், பிரிண்டிங் என்று வருகிற கொள்முதல் பில்களை டாலியில் ஏற்றுவது அவன் வேலை. மாதம் 14ஆம் தேதி ஜிஎஸ்டி தளத்தில் ஜிஎஸ்டிஆர்-2பி வந்துவிடும். சப்ளையர்கள் தங்கள் பக்கம் காட்டியிருக்கிற பில்களின் பட்டியல் அது. அதை எக்செல்லில் இறக்கி, தன் கொள்முதல் பதிவேட்டோடு பில் பில்லாக ஒப்பிடுவான். 2022 ஜனவரியிலிருந்து சப்ளையர் காட்டாத பில்லுக்கு உள்ளீட்டு வரி எடுக்க முடியாது, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கம்பெனி கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியாது, அதனால் விடுபட்ட பில்களுக்கு ஒவ்வொரு யூனிட்டாகப் போன் போட்டு, "எப்பங்க ஏத்துவீங்க" என்று கேட்டு, 20ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி என்கிற மாத ரிட்டர்ன் தாக்கலுக்கு முன்னால் எது இந்த மாதம், எது அடுத்த மாதம் என்று பட்டியல் போட்டு ஆடிட்டர் ஆபீஸுக்கு அனுப்புவான்.

இதைச் சொல்லிவிட்டு, "இதெல்லாம் ரெஸ்யூம்ல போடுவாங்களாக்கா?" என்கிறான். வேறு எதைப் போடுவார்கள் தம்பி!

அந்த 12 லட்சம் எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். ஒரு மாதம் 2பியில் வராமல் நின்ற பில்களின் வரித்தொகையாம், அதுவும் குத்துமதிப்பாக. சப்ளையர் அடுத்த மாதம் காட்டினால் அந்த வரி அடுத்த மாதம் கிடைத்துவிடும். அந்த நிதியாண்டு முடிந்து வருகிற நவம்பர் 30 வரை எடுக்கவே முடியாமல் போனால்தான் பணம் நிஜமாகப் போகும். அப்படியானால் இது மிச்சம் இல்லை, தள்ளிப்போன தொகை. நேர்காணலில் எதிரே உட்காருகிற அக்கவுண்ட்ஸ் மேனேஜருக்கு இது தெரியாதா? "அந்த 12 லட்சத்துக்குக் கணக்குச் சொல்லுங்க" என்ற ஒரே கேள்வியில் கதை முடிந்தது. அதற்குப் பிறகு நீ உண்மையாகச் செய்த வேலையைச் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், எனக்கு வயிற்றெரிச்சலே அதுதான்.

சரி, எண் எதுவுமே வேண்டாமா என்றால், வேண்டும். ஆனால் அது சாதனையின் எண்ணாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? வேலையின் அளவே ஓர் எண்தான். எத்தனை பில், எத்தனை சப்ளையர், எந்தத் தேதிக்குள், எதில் செய்தாய். டாலியில் ஸ்டேட்டிஸ்டிக்ஸ் என்று ஒரு ரிப்போர்ட் இருக்கிறது, வவுச்சர் வகைவாரியாக எத்தனை பதிவு ஏறியிருக்கிறது என்று காட்டும். போய்ப் பார்க்கச் சொன்னேன். அந்த நிதியாண்டில் கொள்முதல் வவுச்சர் 7,000 சொச்சம். உடனே எழுதிவிடக் கூடாது, அது கம்பெனியின் மொத்தம். கேட்டால், விற்பனையும் பேமென்ட்டும் வேறொரு அக்கா, கொள்முதல் முழுக்க இவன்தானாம், லீவு நாளில் மட்டும் அந்த அக்கா. அப்படியென்றால் மாதம் சுமார் 600 பில் என்று தைரியமாகப் போடலாம், "சுமார்" என்ற சொல்லோடு. கம்பெனியின் டர்ன்ஓவரையும் சப்ளையர் பெயர்களையும் போடாதே என்றேன், அது நம் வீட்டுச் சொத்து இல்லை.

அப்புறம் வினைச்சொல். "செயலில் ஆரம்பிக்கணும்" என்று சொன்னதும் எல்லாருக்கும் தலைமையேற்றேன், வடிவமைத்தேன், புரட்சி செய்தேன் என்றுதான் வருகிறது. செயல் என்றால் உன் கை செய்தது. பதிந்தாய், ஒப்பிட்டாய், போன் போட்டாய், பட்டியல் தயாரித்தாய். ஆங்கிலத்தில் வாக்கியத்தின் முதல் சொல்லாக இந்தச் சாதாரண வினைகளில் ஒன்றை வைத்தாலே போதும். தாக்கல் செய்தது ஆடிட்டர் ஆபீஸ் என்றால் "தாக்கல் செய்தேன்" என்று எழுதாதே, "தாக்கலுக்குப் பட்டியல் தயாரித்தேன்" என்று எழுது. "உதவினேன்" என்று எழுதினாலும் ஒன்றும் விளங்காது, எதில் உதவினாய், எந்தத் துண்டு உன்னுடையது, அந்தத் துண்டுக்கு என்ன வினை என்று பார்.

கடைசியில் இப்படி வந்தது. அந்த நான்கு வரிக்குப் பதில்: "நூல், டையிங், பிரிண்டிங் கொள்முதல் பில்கள் மாதம் சுமார் 600, டாலியில் பதிவு செய்கிறேன்." தலைமையேற்ற கதைக்குப் பதில்: "கொள்முதல் பதிவேட்டை மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-2பியுடன் எக்செல்லில் ஒப்பிட்டு, விடுபட்ட பில்களுக்குச் சப்ளையர்களிடம் பேசி, 3பி தாக்கலுக்கு முன் ஆடிட்டருக்குப் பட்டியல் தருகிறேன்." அவ்வளவுதான். இரண்டாவதில் சதவீதம் இல்லை, லட்சம் இல்லை, ஆனால் கணக்குத் தெரிந்தவர் படித்தால் இந்தப் பையனுக்கு 14க்கும் 20க்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று தெரியும் என்று புரிந்துவிடும். இன்னும் அந்த வேலையில் இருப்பதால் நிகழ்காலம், பழைய வேலைக்கு மட்டும் இறந்தகாலம். இதைக்கூடக் கலந்துகட்டி எழுதி அனுப்புகிறார்கள்.

சுருக்கச் சொன்னால் இன்னொரு கூட்டம் "ஜிஎஸ்டி ஒப்பீடு" என்று இரண்டு சொல்லில் நிறுத்திவிடுகிறது, அதுவும் எரிச்சல்தான். வெட்ட வேண்டியது "பல்வேறு", "அன்றாட", "சம்பந்தப்பட்ட", "வெற்றிகரமாக", "குறித்த நேரத்தில்" போன்ற சுமையை. எதை, எதோடு, எவ்வளவு நாளைக்கு ஒருமுறை, யாருக்காக என்பதை வெட்டினால் எலும்பையும் சேர்த்து வெட்டியாயிற்று. "குறித்த நேரத்தில்" என்பதற்குப் பதில் "3பி தாக்கலுக்கு முன்" என்று இருந்தாலே நேரம் வந்துவிடுகிறதே.

பேச்சுவாக்கில் இன்னொன்று சொன்னான். ஒரு டையிங் பில் முதலில் வாட்ஸ்அப்பில் போட்டோவாக வந்து பதிவாகியிருக்கிறது, பில் நம்பரில் ஓர் எழுத்து மங்கலாக இருந்து தப்பாக ஏறிவிட்டது. ஒரு வாரம் கழித்து ஒரிஜினல் வந்ததும் லீவு நாளில் அந்த அக்கா அதையும் ஏற்றிவிட்டார். பேமென்ட் பட்டியலைப் பார்த்தபோது கிலோவும் தொகையும் ஒன்றாக இருக்கிறதே என்று இவன் பிடித்து, பணம் போவதற்கு முன் நிறுத்தியிருக்கிறான். இது உண்மையான சாதனை! ரெஸ்யூமில் இல்லை! ஏன் என்றால், "ஒரு தடவைதானேக்கா" என்கிறான். நான் போடச் சொன்னதும் அடுத்த நொடியே அவன் எழுதி அனுப்பியது: "இரட்டைப் பேமென்ட்களைத் தடுத்து நிறுவனத்தின் இழப்புகளைக் குறைத்தேன்." எனக்கு வந்ததே கோபம். ஒரு பில் எப்போது பில்களாக ஆனது? ஒரு தடவை நடந்ததைப் பன்மையில் எழுதுவதும் பொய்தான், சதவீதம் போடாத பொய். "இருமுறை பதிவான ஒரு டையிங் பில்லைப் பேமென்ட்டுக்கு முன் கண்டுபிடித்து நிறுத்தினேன்" என்று திருத்தினேன். அந்த "ஒரு" இருப்பதால்தான் நம்பும்படி இருக்கிறது. நேர்காணலில் எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டால் வாட்ஸ்அப் போட்டோவிலிருந்து ஆரம்பித்து இரண்டு நிமிஷம் தடங்கல் இல்லாமல் பேசுவான்.

பெட்டி கேஷ் பார்த்தது, மாதக் கடைசியில் வங்கி ஸ்டேட்மென்ட் சரிபார்த்தது, இதற்கெல்லாம் பெருமைப்பட ஒன்றும் இல்லை, எண்ணும் தேவையில்லை, ஆளுக்கு ஒரு வரி போட்டு நகர்ந்துவிட்டோம். எல்லா பாயிண்டும் பளபளக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

எல்லாம் முடிந்து ஐந்து பாயிண்ட், ஒன்றும் இரண்டு வரியைத் தாண்டவில்லை. அனுப்பினேன். அரை மணி நேரத்தில் அவனுடைய மாமா லைனுக்கு வந்துவிட்டார். "என்னம்மா, பையன் ரெண்டு வருஷம் உழைச்சிருக்கான், நீ அரைப் பக்கத்துல முடிச்சிட்டே, டீம் பிளேயர், ஹார்ட் ஒர்க்கர்னு கீழ ஏதாவது சேர்த்து பக்கத்தை நிரப்பிக் குடும்மா" என்கிறார். மாமா, பக்கம்தான் நிரம்பணும்னா போட்டோவைப் பெரிசாக்கி ஒட்டிக்கச் சொல்லுங்க. நான் ஒரு வரி சேர்க்க மாட்டேன்.