தூக்கம் வேறு, கனவு வேறு

கனவு எதற்கு வருகிறது என்ற பேச்சில் ஒருவர் சொன்னது: “கனவு என்பது மூளை அன்றைய நினைவுகளை அடுக்கி வைக்கும் வேலைதான், அது நிரூபணமாகிவிட்டது. கனவில் ஆசைகள் நிறைவேறுகின்றன என்ற ஃபிராய்டின் கருத்து, வரக்கூடிய ஆபத்துக்குக் கனவு ஓர் ஒத்திகை என்ற கருத்து எல்லாம் காலாவதி.”

நிரூபணமானது தூக்கத்தின் பங்குதான், கனவின் பங்கு இல்லை. நன்றாகத் தூங்கினால் படித்தது நிலைக்கும் என்பதற்கு ஆதாரம் நிறைய உண்டு, ஆனால் நாம் காணும் அந்தக் காட்சிதான் அதைச் செய்கிறதா என்பது தனிக் கேள்வி. 2010-ல் தூக்க ஆய்வாளர் ஸ்டிக்கோல்ட் குழுவினர் புதிர்ப்பாதை ஒன்றைப் பழக்கிவிட்டுத் தூங்க வைத்தார்கள். அதைக் கனவில் கண்டவர்கள் பிறகு மற்றவர்களைவிட நன்றாகவே முன்னேறினார்கள், சரி. ஆனால் தூங்கிய 50 பேரில் அப்படிக் கண்டவர்கள் 4 பேர்தான், அவர்களும் முதலில் அதில் திணறியவர்கள். கனவு உதவியதா, திணறல்தான் கனவாக வந்ததா, பிரித்துச் சொல்ல முடியாது.

சிலர், வேலைக்குச் சேர்ந்து இத்தனை வருடமாகியும் கணக்குத் தேர்வுக்குத் தாமதமாக ஓடுவதாகவே கனவு வருகிறது என்பார்களே, அதை 2000-ல் கனவு ஆய்வாளர் ரெவோன்சுவோ சொன்ன ஆபத்து ஒத்திகையோடு பொருத்தலாம். அதுவும் முடிந்த முடிவல்ல; ஃபிராய்டுக்கு ஆதாரம் இன்னும் குறைவு.

நீங்களே பார்க்கலாம். 14 நாள், விழித்ததும் ஃபோனைத் தொடுமுன் கனவை எழுதுங்கள், அப்புறம் முந்தைய நாள் நடந்தது அப்படியே திரும்பிய இடங்களை மட்டும் கோடிடுங்கள். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் இப்படிச் சேர்த்த 299 கனவுகளில் பாதிக்கு மேல் பகல் வாழ்க்கையின் துணுக்குகள் இருந்தன, ஒரு நிகழ்ச்சி முழுதாகத் திரும்பியது 1–2 சதவீதத்தில்தான்.