அதே வருவாய், வேறு முடிவு
“பத்திர வருவாய் ஏறினால் வங்கிப் பங்குகள் இறங்கும்” என்று சொல்வார்கள். 2022 சார்ட்டுகளை மேலும் கீழுமாக வைத்துப் பாருங்கள். ஜூன் நடுவில் 10 ஆண்டு அரசுப் பத்திர வருவாய் 7.6 சதவீதம் வரை ஏறியபோது வங்கிப் பங்குகளின் குறியீடான பேங்க் நிஃப்டி 33,000க்குக் கீழே போனது, சரி. டிசம்பரிலும் வருவாய் 7.3 பக்கம்தான், ஆனால் பேங்க் நிஃப்டி 44,000ஐத் தொட்டது. முதலில் அடித்தது வங்கிகள் கையிலிருந்த பழைய பத்திரங்களின் விலைச் சரிவு. அப்புறம் கடன் வட்டி வேலை செய்தது. மார்த்தாண்டத்தில் என் வீட்டுக் கடன் ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டியோடு இணைந்தது, மூன்று மாதத்துக்குள் வட்டி கூடிவிட்டது. அதே கிளையில் ரப்பர் ஷீட் விற்ற பணத்தில் அம்மா போட்ட மூன்று வருட டெபாசிட்டோ பழைய வட்டியிலேயே கிடந்தது. வங்கிக்கு லாபம் அந்த இடைவெளியில்தான். அம்மாவின் டெபாசிட் முதிர்ந்து புது வட்டிக்கு மாறும்போது அந்த இடைவெளியும் சுருங்கிவிடும், அதைச் சார்ட்டில் மட்டும் தேடினால் கிடைக்காது.