கட்டி மறைந்த பிறகு

"கீமோ, ரேடியேஷன் முடிந்ததும் அப்பாவுக்கு மலக்குடலில் கட்டியே தெரியவில்லை. பிறகு ஆபரேஷன் எதற்கு?" - கோத்தகிரி வாசகர்

தம்பி, விரல் பரிசோதனை, எண்டோஸ்கோப்பி, எம்.ஆர்.ஐ. மூன்றிலும் கட்டி இல்லை என்று வந்தால்தான் ஆபரேஷனைத் தள்ளிவைத்துக் கண்காணிக்கலாம். எண்டோஸ்கோப்பியில் வெளுத்த, தட்டையான தழும்பு மட்டும் தெரிய வேண்டும். புண்ணோ முடிச்சோ இருந்தால், பயாப்சி சுத்தமாக வந்தாலும் நம்பிவிடாதீர்கள். ஆபரேஷனைத் தள்ளிவைத்தவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குக் கட்டி அங்கேயே மறுபடி முளைக்கிறது, பெரும்பாலும் முதல் 2 ஆண்டுக்குள். சீக்கிரம் கண்டுபிடித்தால் அநேகருக்கு அப்போதும் ஆபரேஷன் செய்துவிடலாம்.

எங்கள் அத்தானுக்கு ஆசனவாயை ஒட்டியே கட்டி. ஆபரேஷன் என்றால் ஆயுசுக்கும் வயிற்றில் மலம் சேரும் பை. அதனால் ஆபரேஷனைத் தள்ளிவைத்து, 3 மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்காகக் குன்னூரிலிருந்து கோவைக்கு இறங்குகிறார். மண்சரிவில் பாதை அடைபட்டால் அன்றே போன் போட்டு அடுத்த தேதி வாங்கிவிடுவோம். அப்பாவால் இப்படி விடாமல் வர முடியாதென்றால் ஆபரேஷனே மேல்.